கூடியது பலமா, எண்ணிக்கையா?

எட்டு வாரங்களுக்கு முன்பு 2,590 கிலோ. இப்போது 3,257 கிலோ. ஏற்றம் 26 சதவீதம். ஜிம் செயலியின் வாரச் சுருக்கம் பச்சை அம்புக்குறியோடு இப்படி ஒரு கணக்கைக் காட்டினால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் தோன்றும். அனுபவமுள்ள மாஸ்டர் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, பெஞ்ச்ல என்ன, ஸ்குவாட்ல என்ன? தனித்தனியா சொல்லுங்க" என்றுதான் கேட்பார். மொத்தக் கணக்கு எதை மறைக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொண்டு எட்டு வாரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகும் ஒருவர், வாரம் ஒரு நாள் பெஞ்ச் பிரஸ், இன்னொரு நாள் ஸ்குவாட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செட் முடிந்ததும் எடையையும் ரெப்பையும் செயலியில் பதிந்துவிடுகிறார். நம் கையில் இருப்பது அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும்.

அடிப்படைக் கணக்கு மிக எளிது. தூக்கிய எடையை ரெப் எண்ணிக்கையால் பெருக்கினால் அந்த செட்டின் வால்யூம் கிடைக்கும். 50 கிலோவை 8 முறை தூக்கினால் 400 கிலோ. எல்லா செட்டுகளையும் கூட்டினால் அந்தப் பயிற்சியின் வால்யூம். பெருக்கவும் கூட்டவும் தெரிந்தால் போதும். சிக்கல் தொடங்குவது எந்த எண்களைப் பெருக்குவது என்பதில்.

முதல் இடறல் வார்ம் அப். நம் ஆள் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு முன்பு 20 கிலோ வெறும் பாரை 10 முறையும், 40 கிலோவை 5 முறையும் தூக்குகிறார். இரண்டும் சேர்ந்து 400 கிலோ. முதல் வாரத்தில் அவருடைய உண்மையான மூன்று செட்டுகளின் வால்யூமே 1,150 கிலோதான். வார்ம் அப்பை ஒரு வாரம் பதிந்து, மறுவாரம் சோம்பலில் பதியாமல் விட்டால், உடலில் எதுவும் மாறாமலேயே கணக்கு நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஏறி இறங்கும். பல செயலிகளில் வார்ம் அப் செட்டின் முன்னால் எண்ணுக்குப் பதிலாக `W` என்ற எழுத்து இருக்கும். அந்த வரிகளை எட்டு வாரமும் ஒரே மாதிரி விட்டுவிட வேண்டும். செயலியே காட்டும் மொத்தத்தில் வார்ம் அப் சேர்ந்திருக்கிறதா என்பது செயலிக்குச் செயலி மாறும். சிலவற்றில் பயனரே அதை மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு வாரத்தைக் கையால் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது இடறல் ஸ்கிரீன்ஷாட்டுக்கே உரியது. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த திரையில் `PREVIOUS` என்று ஒரு பத்தி இருக்கும். போன தடவை அதே செட்டில் என்ன தூக்கினோம் என்று நினைவூட்டுவது அதன் வேலை. கூகுள் லென்ஸ் போன்ற ஒன்றைக் கொண்டு படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தால், போன வாரத்தின் "40 kg x 8" என்பதும் இந்த வாரத்தின் "55", "7" என்பதும் ஒரே வரியில் வந்து விழும். கவனிக்காவிட்டால் பழைய செட்டும் புதிய செட்டும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடும். நீளமான பதிவை இரண்டு மூன்று படமாக எடுத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. முதல் படத்தின் கடைசி வரியும் அடுத்த படத்தின் முதல் வரியும் ஒரே செட்டாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, 3 எது, 8 எது என்று தெரியாமல் போகவும் கூடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அந்தக் கவலை இல்லை.

தவறாகப் படித்திருக்கிறோமா என்று கண்டுபிடிக்க நல்ல வழி, செயலி காட்டும் மொத்தத்தோடு ஒப்பிடுவதுதான். ஆறாவது வாரம் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு 1,045 என்று செயலி சொல்கிறது, நம் தாளில் 1,225 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 180. அன்று செய்த ரெப்கள் 7, 6, 6. 180 என்பது 6 பெருக்கல் 30. ஆக, 6 ரெப் செய்த ஏதோ ஒரு செட்டில் எடை 30 கிலோ கூடுதலாக ஏறியிருக்கிறது. போய்ப் பார்த்தால் 55 என்பது 85 என்று பதிவாகியிருக்கும். 52.5-இல் புள்ளி தொலைந்து 525 ஆகிவிட்டால் தேடவே வேண்டாம், அந்த வாரம் மட்டும் தனியாக வானத்துக்குப் போயிருக்கும். ஆபத்தானவை சின்னப் பிழைகள்தாம். 6 ரெப் 8 ரெப் ஆவது கண்ணில் படாது, ஆனால் முன்னேற்றம் என்று நாம் நினைப்பதை அதுவே உண்டாக்கிவிடும்.

ஹெவி, ஸ்ட்ராங் போன்ற செயலிகள் முழுப் பதிவையும் சி.எஸ்.வி. கோப்பாகத் தரும். அது கையில் இருந்தால் படத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு மல்லாட வேண்டியதில்லை. ஆனால் மாஸ்டருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் படம்தான். இரண்டு பயிற்சி, எட்டு வாரம் என்றால் ஐம்பது வரிகளைச் சற்றுத் தாண்டும். கையால் தட்டினாலும் பெரிய வேலை இல்லை.

தட்டுவதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரு செட்டுக்கு ஒரு வரி. முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் வாரம், மூன்றாவதில் பயிற்சியின் பெயர், நான்காவதில் வார்ம் அப்பா என்ற குறிப்பு, ஐந்தாவதில் எடை, ஆறாவதில் ரெப். வார எண்ணை நாட்காட்டியிலிருந்து எடுக்காமல், முதல் பயிற்சி நாளிலிருந்து ஏழேழு நாளாக எண்ணுவது நல்லது. நாட்காட்டி வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களிலா என்பதைப் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி பக்கத்து வாரத்துக்குத் தாவிவிடும். பிறகு ஒரு வாரம் இரண்டு பெஞ்ச், மறுவாரம் ஒன்றுமில்லை என்று கணக்கு காட்டும். தேவையான சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
B2: =INT((A2-$A$2)/7)+1
G2: =IF(D2="W",0,E2*F2)
H2: =IF(D2="W",0,E2*(1+F2/30))
J2: =SUMIFS(G:G,B:B,1,C:C,"Bench")
K2: =MAXIFS(H:H,B:B,1,C:C,"Bench")
```

முதல் மூன்றை எல்லா வரிகளுக்கும் கீழே இழுத்துவிட வேண்டும். G பத்தியில் வால்யூம் வருகிறது. J2 முதல் வாரத்து பெஞ்ச் பிரஸ்ஸின் மொத்த வால்யூமைத் தருகிறது. மற்ற வாரங்களுக்கு அந்த 1-ஐ மாற்றினால் போதும். H பத்தியில் இருப்பது வேறு ஒரு கணக்கு. பலத்தை அளப்பதற்கான சூத்திரம் அது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பலப் பயிற்சியாளராக இருந்த பாய்ட் எப்லி என்பவரின் பெயரால் வழங்குகிறது. ஒருவர் ஒரு எடையை எத்தனை முறை தூக்கினார் என்பதை வைத்து, அவரால் ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று ஊகிப்பது இதன் வேலை. ரெப்பை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால் ஊகம் கிடைக்கும். 50 கிலோவை 8 முறை தூக்கியவரால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 63 கிலோ தூக்க முடியும் என்கிறது இது.

இனி நம் ஆளின் பெஞ்ச் பிரஸ் பதிவைப் பார்ப்போம்.

| வாரம் | எடை (கிலோ) | ரெப்கள் | வால்யூம் | ஊகித்த உச்சம் |
|---|---|---|---|---|
| 1 | 50 | 8, 8, 7 | 1,150 | 63.3 |
| 2 | 50 | 8, 8, 8 | 1,200 | 63.3 |
| 3 | 52.5 | 8, 7, 6 | 1,102.5 | 66.5 |
| 4 | 52.5 | 8, 8, 7 | 1,207.5 | 66.5 |
| 5 | 40 | 8, 8 | 640 | – |
| 6 | 55 | 7, 6, 6 | 1,045 | 67.8 |
| 7 | 55 | 8, 7, 6 | 1,155 | 69.7 |
| 8 | 57.5 | 6, 6, 5 | 977.5 | 69.0 |

வால்யூம் பத்தியை மட்டும் பார்ப்பவர் கவலைப்படுவார். முதல் வாரம் 1,150, எட்டாவது வாரம் 977.5. 15 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தி வேறு கதை சொல்கிறது. 63 கிலோ இருந்த இடத்தில் 69 கிலோ. எடை கூடும்போது ரெப் குறைவது இயல்பு. 23 ரெப் 17 ஆகிவிட்டதால் பெருக்குத்தொகை சுருங்கியது. ஆள் பலமாகியிருக்கிறார், அவருடைய வால்யூம் குறைந்திருக்கிறது. இரண்டுமே உண்மை.

ஐந்தாவது வாரத்தை ஏன் கோடு போட்டு விட்டோம் என்று கேட்கலாம். அது வேண்டுமென்றே எடையைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தந்த வாரம். ஜிம் பேச்சில் டிலோட். அன்று 40 கிலோவை எட்டு முறை தூக்கியவரால் இன்னும் பல முறை தூக்கியிருக்க முடியும். அதை எப்லி சூத்திரத்தில் போட்டால் உச்சம் 51 கிலோ என்று வரும், ஒரே வாரத்தில் கால்வாசிப் பலம் போய்விட்டது போல. வாரத்துக்கு வாரம் சதவீதம் போட்டால் கூத்து இன்னும் அதிகம். நான்கிலிருந்து ஐந்துக்கு வால்யூம் 47 சதவீதம் வீழ்ச்சி, ஐந்திலிருந்து ஆறுக்கு 63 சதவீதம் எழுச்சி. இரண்டுக்கும் பொருள் கிடையாது.

முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் மட்டும் ஒப்பிடுவதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 50 கிலோவில் ஒரே ஒரு ரெப் கூடினாலோ குறைந்தாலோ ஊகித்த உச்சம் 1.7 கிலோ நகரும், அதாவது இரண்டரை சதவீதத்துக்குச் சற்று மேல். தூக்கம் கெட்ட ஒரு இரவு போதும் ஒரு ரெப்பைத் தின்ன. ஆகவே முதல் இரண்டு வாரங்களின் சராசரியையும் கடைசி இரண்டு வாரங்களின் சராசரியையும் ஒப்பிடுவதே நிதானமான வழி. நம் ஆளுக்கு 63.3-லிருந்து 69.3. எட்டு வாரத்தில் 6 கிலோ, ஏறத்தாழ ஒன்பதரை சதவீதம். ஒரு ரெப்பின் ஆட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருப்பதால் இதை நம்பலாம். ஏழிலிருந்து எட்டாவது வாரத்துக்கு 69.7 என்பது 69.0 ஆனதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஒரு ரெப்பின் ஆட்டத்துக்குள் அடங்குகிற வேறுபாடு அது.

ஸ்குவாட் கதை இதற்கு நேர்மாறு. எட்டு வாரமும் பாரில் அதே 60 கிலோ, டிலோட் வாரம் நீங்கலாக. மூன்று செட்டில் தொடங்கி, மூன்றாவது வாரம் நான்காக்கி, ஆறாவது வாரம் ஐந்தாக்கியிருக்கிறார். முதல் வாரம் 8, 8, 8 என்று 1,440 கிலோ. எட்டாவது வாரம் 8, 8, 8, 7, 7 என்று 2,280 கிலோ. வால்யூம் 58 சதவீதம் ஏறிவிட்டது. ஊகித்த உச்சம் முதலிலும் 76, கடைசியிலும் 76.

ஆக, செயலி கொண்டாடிய அந்த 26 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடுகிறது. முழுக்க முழுக்க ஸ்குவாட்டில் கூட்டிய இரண்டு செட்டுகள்தான். பெஞ்ச் பிரஸ் மொத்தத்தைக் கீழேதான் இழுத்திருக்கிறது. அவர் வாரம் ஒரு முறை லெக் பிரஸ்ஸும் சேர்த்துக்கொண்டார் என்றால் கணக்கு இன்னும் குலைந்துபோகும். 100 கிலோ, 12 ரெப், மூன்று செட் என்றால் 3,600 கிலோ. பெஞ்சும் ஸ்குவாட்டும் சேர்ந்ததைவிட அதிகம். சரிவான தண்டவாளத்தில் தள்ளும் 100 கிலோவும் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் 100 கிலோவும் ஒன்றல்ல. இரண்டையும் கூட்டி ஒரு மொத்தம் காட்டுவது, தங்கத்தையும் அரிசியையும் ஒரே தராசில் போட்டு வீட்டின் சொத்து இத்தனை கிலோ என்பதைப் போல. பயிற்சிவாரியாகப் பிரிக்காத வால்யூம் எண்ணுக்குப் பெரிய பயன் இல்லை.

பயிற்சிவாரியாகப் பிரித்தாலும் சில பயிற்சிகள் ஏமாற்றும். டம்பெல் பயிற்சியில் 12.5 என்று பதிந்தால் அது ஒரு கைக்கா, இரண்டு கைக்குமா? எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எட்டு வாரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நடுவில் மாறினால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும். புல் அப் செய்பவர்கள் எடைப் பத்தியில் பூஜ்யம் போட்டால் வால்யூமும் பூஜ்யம்தான், தூக்கியது தன் முழு உடம்பு என்றாலும். புல் அப்புக்கு உதவும் இயந்திரம் இன்னும் வேடிக்கையானது. அதில் பதியும் எடை நம்மைத் தாங்கிப் பிடிக்கும் எடை. 30 கிலோ உதவியோடு தொடங்கியவர் 15 கிலோ உதவிக்கு வந்தால் அது பெரிய முன்னேற்றம், கணக்கோ பாதியாகச் சரிந்துவிட்டது என்று சொல்லும். 70 கிலோ உடம்பிலிருந்து உதவியைக் கழித்து, 40 கிலோவிலிருந்து 55 கிலோவாகத் தூக்கினார் என்று எழுதினால்தான் சரி.

பவுண்டு, கிலோ குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 45 பவுண்டு பிளேட்டை 45 என்றே பதிந்துவிட்டு செயலியில் `kg` என்று விட்டுவைப்பது நடக்கிறது. உண்மையில் அது 20.4 கிலோ.

மறுபடி எப்லி சூத்திரத்துக்கு வருவோம், ஏனென்றால் ஸ்குவாட்டின் புதிர் அதில்தான் இருக்கிறது. இந்த வகைச் சூத்திரம் இது ஒன்று மட்டுமல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேட் பிரிஸிக்கி 1993-இல் இன்னொன்றை வெளியிட்டார். எடையை 36-ஆல் பெருக்கி, 37-இலிருந்து ரெப்பைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். பத்து ரெப்புக்கு இரண்டும் துல்லியமாக ஒரே விடை தருகின்றன, எடையைப் போல 1.33 மடங்கு. இருபது ரெப்புக்குப் போனால் எப்லி 1.67 மடங்கு என்கிறார், பிரிஸிக்கி 2.12 மடங்கு என்கிறார். 37 ரெப் என்றால் பிரிஸிக்கியின் சூத்திரம் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லித் திணறும். பத்து ரெப்புக்கு மேல் போன செட்டுகளை வைத்து உச்சத்தை ஊகிப்பது சரிவராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

சூத்திரம் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த செட்டில் இனி ஒரு ரெப்கூட முடியாது என்ற நிலைவரை போனீர்கள் என்று அது நம்புகிறது. பலப் பயிற்சியை எண்களால் அளக்கும் பழக்கத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான தாமஸ் டிலோர்ம், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர். ஒருவரால் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்கக்கூடிய எடை எது என்பதே அவருடைய அளவுகோல். பதினோராவது முறை முடியக் கூடாது. அந்த எல்லையைச் சோதித்துப் பார்த்ததால் வாரத்துக்கு வாரம் அது நகர்வது தெரிந்தது.

நம் ஆளின் பெஞ்ச் பதிவில் 8, 7, 6 என்று ரெப் சரிவதைப் பார்த்தால் முதல் செட்டே எல்லைக்குப் பக்கத்தில் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். முதல் வாரத்து ஸ்குவாட் பதிவில் 8, 8, 8. சரிவே இல்லை. எட்டு என்று திட்டத்தில் இருந்ததால் எட்டோடு நிறுத்தியிருக்கிறார். இன்னும் இரண்டு முடிந்திருக்குமா, ஐந்து முடிந்திருக்குமா என்பது பதிவில் இல்லை. அதனால் 76 கிலோ என்பது அவருடைய உச்சமாக இருக்க வாய்ப்பில்லை. குறைந்தபட்சம் அவ்வளவு என்று மட்டும் சொல்லலாம். எட்டு வாரத்தில் அவருடைய கால்கள் பலமாகியிருந்தாலும் இந்தப் பதிவிலிருந்து அதைக் காண வழியில்லை.

செட்டுகளைக் கூட்டியது வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பிராட் ஷோன்ஃபெல்டும் இருவரும் 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை, ஒரு தசைக்கு வாரத்துக்குச் செய்யும் செட்டுகள் கூடக்கூடத் தசை வளர்ச்சியும் கூடுகிறது என்று காட்டியது. அங்கே எண்ணப்பட்டது செட். கிலோ வால்யூமைவிடச் செட் எண்ணிக்கையே பயிற்சிக்குப் பயிற்சி ஒப்பிடத் தோதானது என்று பல மாஸ்டர்கள் நினைப்பதற்கும் இதுவே காரணம். லெக் பிரஸ்ஸில் மூன்று செட் என்பது பெஞ்சில் மூன்று செட்டை மூழ்கடிக்காது. நம் ஆள் தொடைக்கு வாரம் மூன்றிலிருந்து ஐந்து செட்டுக்குப் போயிருக்கிறார். அது அந்தக் கணக்கில் முன்னேற்றம்தான். பலம் கூடியதா என்பது தனிக் கேள்வி.

அதற்கு ஒன்பதாவது வாரத்தில் விடை கண்டுபிடிக்கலாம். ஸ்குவாட்டில் ஐந்து செட்டுக்குப் பதிலாக, வார்ம் அப் முடிந்து உடம்பு புதிதாக இருக்கும்போதே 60 கிலோவை வைத்து, குனியாமல் முதுகு நேராக இருக்கும்வரை எத்தனை முடிகிறதோ அத்தனை ரெப் செய்ய வேண்டும். பாதுகாப்புக் கம்பிகளைச் சரியான உயரத்தில் மாட்டிவிட்டு, பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொள்வது அவசியம். எட்டு அல்லது ஒன்பதில் நின்றுவிட்டால் 76 என்ற எண் கிட்டத்தட்ட உண்மை, இரண்டு மாதமும் எடை கூட்டாததன் விளைவு அது. பன்னிரண்டுக்குப் போனால் உச்சம் 84 கிலோவை ஒட்டி இருக்கலாம். பத்தைத் தாண்டிய ரெப் என்பதால் இதிலும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. அப்படி வந்தால் அடுத்த பயிற்சியில் 65 கிலோ ஏற்றி, எட்டு முடிகிறதா என்று பார்க்கலாம். முடிந்தால் ஊகித்த உச்சம் 82. ஷீட்டில் ஸ்குவாட்டின் கடைசிப் பத்தி அப்போதுதான் முதல் தடவையாக நகரும்.